சங்கச் சந்தாக் கணக்கில் நிலையைக் கையால் எழுதாதீர்கள்

தோட்டப்புறச் சங்கத்தின் பகிர்வு விரிதாளில், யார் சந்தா கட்டினார் என்பதைக் கையால் குறிக்காதீர்கள். 'வரவு' என்று தனித்தாள் வைத்து, கைக்கு வரும் ஒவ்வொரு தொகையையும் ஒரு வரியாக எழுதுங்கள்: தேதி, உறுப்பினர் எண், தொகை, எதற்காக. உறுப்பினர் தாளில் எண் A பத்தியில் இருந்தால், கட்டிய தொகையை இந்தச் சூத்திரமே சொல்லிவிடும்:

```
=SUMIFS('வரவு'!C:C,'வரவு'!B:B,A2,'வரவு'!D:D,"சந்தா")
```

ஆண்டுச் சந்தா 24 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். M14 எண்ணுடையவர் ஜனவரியில் 10 ரிங்கிட் கட்டுகிறார்; பிறகு பொங்கல் விழாவுக்கு 30 தருகிறார். கையால் எழுதினால் 'கட்டிவிட்டார்' என்றே பதிவாகும். இங்கோ 10 மட்டுமே காட்டும், 14 பாக்கி என்பது தெளிவு. விழாப் பணம் சந்தாவில் கலக்காது. பெயருக்குப் பதில் எண்ணைக் கேட்பதற்கும் காரணம் உண்டு: ஒரே தோட்டத்தில் இரண்டு முனியாண்டிகள் இருப்பார்கள், எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் மாறும்.

உறுப்பினர் தாளின் மொத்தமும் வரவுத் தாளின் சந்தா மொத்தமும் ஒத்துப்போகாவிட்டால், ஏதோ ஓர் உறுப்பினர் எண் தவறாகப் பதிவாகியிருக்கிறது.

குடும்பத்தில் மூவருக்கும் சேர்த்து ஒருவரே வங்கி வழி அனுப்பினால் இது அப்படியே பொருந்தாது. அதை மூன்று வரிகளாகப் பிரித்து எழுத வேண்டும். புத்தாண்டில் புதிய வரவுத் தாள் தொடங்காவிட்டால், பழைய சந்தாவும் கூடிவிடும்.