பிடிஎஃப் எடிட்டருக்குப் பணம் கட்டும் முன் பலர் செய்கிற தவறுகள்

இலவச பிடிஎஃப் தளங்களில் கோப்பைத் திறக்கலாம், திருத்தலாம், அரை மணி நேரம் உட்கார்ந்து வேலையை முடிக்கலாம். சேமிக்கப் போகும்போதுதான் 'பிரீமியம் வாங்குங்கள்' என்று வந்து நிற்கும். சில எடிட்டர்கள் சேமிக்க விடும், ஆனால் பக்கத்தின் குறுக்கே வாட்டர்மார்க் போட்டுவிடும். அதனால் முதலில் ஒரே ஒரு பக்கத்தைத் திருத்தி, சேமித்து, திறந்து பாருங்கள். இதைச் செய்யாமல் நேரே வேலையில் இறங்குவதுதான் முதல் தவறு.

அடுத்தது பக்கக் கணக்கு. செஜ்டா தளத்தை எடுத்துக்கொள்வோம். இலவசத்தில் ஒரு கோப்பு 200 பக்கம் அல்லது 50 எம்பி வரை, மணிக்கு மூன்று வேலை என்று வெளிப்படையாகவே எழுதியிருப்பார்கள். உங்களிடம் 240 பக்க டெண்டர் கோப்பு இருக்கிறது, 14-ஆம் பக்கத்தில் முகவரியை மாற்ற வேண்டும். 'சரி, இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்' என்று அதே தளத்தின் பிரிக்கும் கருவிக்குப் போனால் அங்கேயும் அதே 200 பக்க வரம்புதான். பிரிப்பதும் ஒரு வேலையாகவே எண்ணப்படும்.

இதற்குச் சந்தா தேவையில்லை. பிடிஎஃப்சாம் பேசிக் என்ற இலவச மென்பொருள் கணினியிலேயே பிரிக்கும், சேர்க்கும். அதில் 14-ஆம் பக்கத்தைத் தனியே எடுங்கள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் தளத்தில் ஏற்றித் திருத்துங்கள். அப்புறம் 1–13, திருத்திய பக்கம், 15–240 என்ற வரிசையில் மீண்டும் சேர்த்துவிடுங்கள். மற்ற 239 பக்கங்களும் உங்கள் கணினியை விட்டு வெளியே போகவில்லை என்பது கூடுதல் நன்மை. குரோமில் 'பிரிண்ட்' கொடுத்துப் பக்கங்களைப் பிரிப்பவர்களும் உண்டு. செய்யலாம், ஆனால் நிரப்பும் கட்டங்களும் டிஜிட்டல் கையொப்பமும் அதில் போய்விடும்.

கையொப்பத்தில்தான் குழப்பம் அதிகம். விரலால் வரைந்து ஒட்டுவது வெறும் படம். அதை அடோபி ரீடரின் இலவசப் பதிப்பே Fill & Sign வழியாகச் செய்துவிடும். யூஎஸ்பி டோக்கனில் வரும் டிஎஸ்சி என்ற டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் வேறு. அது கோப்போடு கணக்கு வைத்துப் பூட்டுகிற கையொப்பம். அதையும் இலவச ரீடரிலேயே Certificates பகுதியில் போடலாம். பணம் கேட்பது பெரும்பாலும் மூன்றாவது வகைக்கு, அதாவது மற்றவர்களுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கி, யார் எப்போது போட்டார்கள் என்ற பதிவோடு திரும்பப் பெறுவதற்கு. உங்கள் கையெழுத்து மட்டும் போதுமென்றால் அந்தத் திட்டம் வீண்செலவு. இன்னொன்று: டிஎஸ்சி போட்ட பிறகு பக்கம் சேர்த்தாலோ எழுத்தை மாற்றினாலோ கையொப்பம் செல்லாது என்று காட்டும். மேலே சொன்ன பிரிப்பதும் சேர்ப்பதும் எல்லாம் கையொப்பத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இப்போது வேர்டுக்கு மாற்றுவது. தமிழ்க் கோப்பு மாற்றினால் குப்பையாக வருகிறது என்று பிரீமியம் வாங்குபவர்கள் நிறைய பேர். வாங்கிய பிறகும் அதே குப்பைதான் வரும். வாங்குமுன் பிடிஎஃப்பில் ஒரு வரியைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். 'அம்மா' என்ற சொல் `mk;kh` என்று விழுந்தால் அந்தக் கோப்பு பாமினி எழுத்துருவில் தட்டச்சானது. உள்ளே இருப்பதே ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் உருவம் மட்டும்தான். இதற்குத் தேவை யூனிகோடு மாற்றி, அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். அதற்குப் படத்திலிருக்கும் எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் வேண்டும். பல எடிட்டர்களில் இலவசத்தில் விடுபடுவது அல்லது சில பக்கங்களோடு நின்றுவிடுவது இதுதான். சந்தா கட்டுமுன், ஓசிஆர் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பார்க்கத் தவறாதீர்கள். சில பக்கங்கள்தான் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தாலே தமிழைப் படித்துக் கொடுக்கும். பக்க அமைப்பு கலையும், எழுத்து கிடைத்துவிடும். கமாண்ட் லைன் பழக்கம் உள்ளவர்களுக்கு, ocrmypdf என்ற இலவச மென்பொருளையும் தமிழ் மொழித் தொகுப்பையும் நிறுவிக்கொண்டால், பக்க வரம்பே இல்லாத வழி இது:

```
ocrmypdf -l tam+eng scan.pdf out.pdf
```

இத்தனைக்குப் பிறகும் சந்தா தேவைப்படலாம். தினமும் கோப்புகளைத் திருத்துகிற அலுவலகத்துக்குத் தேவைதான். அப்போது விலைக்குக் கீழே உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று காட்டுவது பல நேரம் வருடத் திட்டம், மாதத் தவணையாகக் கட்டுவது. நடுவில் நிறுத்தினால் மீதி மாதங்களுக்கும் ஒரு தொகை கேட்பார்கள். அடோபியின் இப்படிப்பட்ட திட்டத்தில் முதல் வருடத்தில் நிறுத்தினால் மீதித் தொகையில் பாதி கட்ட வேண்டும் என்பதை மறைத்தார்கள் என்று, 2024 ஜூனில் அமெரிக்காவின் வணிக ஆணையம் பரிந்துரைக்க, அந்நாட்டு நீதித் துறை வழக்கே போட்டது. ஒரு வாரத்து வேலைக்காக வாங்குவதென்றால், விலை கூடுதலாகத் தெரிந்தாலும் உண்மையான மாதத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, வாங்கிய அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள்.