மீந்த பிரியாணியின் நடுவில் தங்கும் குளிர்: மைக்ரோவேவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கத்து வீடுகளில் ஒரு விசேஷம் முடிந்தால், மீந்த பிரியாணி பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களில் நிரம்பி உறவினர் வீடுகளுக்குப் போகும். மறுநாள் குளிர்பெட்டியிலிருந்து எடுக்கும்போது அது அரிசியும் மசூர் பருப்பும் உருளைக்கிழங்கும் ஆட்டிறைச்சியும் இறுகிய ஒரே கட்டியாக இருக்கும். அதை அப்படியே தட்டில் கவிழ்த்து, மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, ஓரத்தில் ஆவி பறந்ததும் சூடாகிவிட்டது என்று பரிமாறுவதுதான் முதல் தவறு.

இரண்டு நிமிடம் ஏன் போதாது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். 4 டிகிரி செல்சியஸில் இருக்கும் 600 கிராம் பிரியாணியை 700 வாட் அடுப்பில் வைத்தால், வெளியாகும் சக்தி முழுவதும் உணவுக்கே போனாலும், இரண்டு நிமிடத்தில் அதன் வெப்பம் சராசரியாக 40 டிகிரிதான் உயரும். அதாவது சராசரி 44 டிகிரி. ஓரங்கள் 80 டிகிரியைத் தொட்டிருந்தால், நடுப்பகுதி அந்தச் சராசரிக்கும் வெகு கீழே இருக்கிறது என்றே பொருள். மீந்த உணவு எல்லா இடத்திலும் அடைய வேண்டிய அளவு 74 டிகிரி. எந்த இழப்பும் இல்லாவிட்டால்கூட இந்த அளவு பிரியாணிக்கு அதற்கு மூன்றரை நிமிடம் வேண்டும். நடைமுறையில் ஐந்து நிமிடமாவது ஆகும்.

குளிர் நடுவில் தங்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மைக்ரோவேவ் அலைகள் இத்தகைய உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்திலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. அதற்கு உள்ளே இருக்கும் பகுதி, வெளிப்பகுதியிலிருந்து மெல்லக் கடத்தப்படும் வெப்பத்தை நம்பியே சூடாக வேண்டும். மேலும், அடுப்பின் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து சில இடங்களில் வலுவாகவும், சில இடங்களில் மிகப் பலவீனமாகவும் நிற்கின்றன. சுழல்தட்டு உணவை அந்த இடங்களின் வழியே நகர்த்தத்தான் இருக்கிறது என்றாலும், தட்டின் நட்டநடுவில் இருக்கும் கவளம் எவ்வளவு சுற்றினாலும் இடம் மாறுவதில்லை.

ஆகவே டப்பாவிலிருந்து எடுத்த கட்டியை முதலில் கரண்டியால் உதிர்த்து, மைக்ரோவேவுக்கு ஏற்ற அகலமான பாத்திரத்தில், நடுவில் குழி விட்டு வளையமாகப் பரப்ப வேண்டும். ஐஸ்கிரீம் டப்பா சூடாக்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல, அதை உள்ளே வைக்கவே கூடாது. உருளைக்கிழங்கையும் பெரிய இறைச்சித் துண்டையும் பிளந்துவிட்டு, இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, ஆவி போகச் சிறு வழி விட்டு மூடுங்கள். முழுச் சக்தியில் மூன்று நிமிடம் வைத்தபின், அடியில் உள்ளது மேலே வரவும் ஓரத்தில் உள்ளது நடுவுக்குப் போகவும் நன்றாகக் கிளறி, மேலும் இரண்டு நிமிடம் ஓடவிட வேண்டும். உறைபெட்டியிலிருந்து எடுத்ததை முந்தைய இரவே குளிர்பெட்டிக்கு மாற்றிவிடுவது நல்லது. பனிக்கட்டி இந்த அலைகளை மிகக் குறைவாகவே உறிஞ்சும், உருகிய நீரோ விரைவாக உறிஞ்சும்; அதனால் ஓரம் கொதிக்கும்போதும் உள்ளே பனி அப்படியே இருக்கும்.

மணி அடித்ததும் மூடியைத் திறந்து சாப்பிட உட்காருவதைத்தான் நான் மிகவும் கவலையோடு பார்க்கிறேன். அடுப்பு நின்ற பிறகும் சூடான பகுதியிலிருந்து குளிர்ந்த பகுதிக்கு வெப்பம் போய்க்கொண்டே இருக்கிறது. மூடியபடியே மூன்று நிமிடம் விடுவது சமையலின் ஒரு பகுதி. ஆனால் அந்தக் காத்திருப்பு சிறிய வேறுபாட்டை மட்டுமே சரிசெய்யும். ஓரம் 85, நடு 68 என்றிருந்தால் அது உதவும். நடு 30 டிகிரியில் இருந்தால் எவ்வளவு நேரம் வைத்தாலும் 74 வராது, திரும்பக் கிளறிச் சூடாக்கத்தான் வேண்டும்.

உணவு வெப்பமானியையும் அந்தக் காத்திருப்புக்குப் பிறகுதான் செருக வேண்டும். முனை பாத்திரத்தைத் தொடாமல் நடுவிலும், அடிப்பகுதியிலும், மிகத் தடித்த உருளைக்கிழங்கின் உள்ளேயும் பாருங்கள். மூன்றில் மிகக் குறைந்த எண்தான் உங்கள் பிரியாணியின் வெப்பம்.

இந்த 74 டிகிரி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெரிய அண்டாவில் மெல்ல ஆறிய இறைச்சியில் பெருகும் கிளாஸ்ட்ரிடியம் பெர்பிரிஞ்சென்ஸ் கிருமிகளை அது கொன்றுவிடும். ஆனால் ஆறிய சோற்றில் வளரும் பசில்லஸ் சீரியஸ் உண்டாக்கும் வாந்தி நச்சு கொதிநிலையையும் தாங்கும். ஆகவே சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரத்துக்குள், ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்துக் குளிர்பெட்டியில் வைக்காத பிரியாணியை எந்த அடுப்பும் காப்பாற்றாது. மணம் நன்றாக இருந்தாலும் அதைக் கொட்டிவிட வேண்டும்.