குளிர்ந்த கையில் சீனி பார்ப்பது

மார்கழிப் பனியில், விடியக்காலையில் கிணற்றடியில் முகம் கழுவிய கையோடு அம்மாவுக்குச் சீனி பார்த்தால் 3 தரம் குத்தினாலும் ஸ்ட்ரிப்புக்கு இரத்தம் காணாது, ஏனென்றால் குளிரில் விரல்நுனி இரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். இப்போது இளஞ்சூட்டுத் தண்ணீரில் சோப் போட்டுக் கழுவி (சூட்டை நான்தான் தொட்டுப் பார்ப்பேன், சீனி வருத்தக்காரருக்குக் கை விறைத்திருந்தால் சுடுவது தெரியாது), ஈரம் போகத் துடைத்து, கையை ஒரு நிமிடம் கீழே தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரல்நுனிப் பக்கமாக மெதுவாக நீவிவிட்டு, நுனியின் பக்கவாட்டில் ஒரே குத்து. வரவில்லையா, நுனியை மட்டும் பிழியாதீர்கள். திசுநீர் கலந்து அளவு பிழையாகும். அடியிலிருந்து திரும்பவும் நீவுங்கள். ஈரம் மிஞ்சினாலும் அப்படித்தான், துளி ஐதாகி அளவு குறைத்துக் காட்டும்.