மண்பாண்ட வகுப்பில் முதல் பேச்சை எப்படித் தொடங்குவது?

ஊருக்குப் புதிது. நாலு பேரோடு பழகலாம் என்று சக்கரத்தில் பானை வனையும் வகுப்பில் சேர்ந்திருக்கிறீர்கள். பக்கத்துச் சக்கரத்துக்காரரிடம் என்ன பேசுவது?

1. நேரம் பாருங்கள். மண்ணைச் சக்கரத்தின் நடுவுக்குக் கொண்டுவரும்போது யாரிடமும் பேசாதீர்கள். முழங்கையைத் தொடையில் ஊன்றி, மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பவர் திரும்பினால் மண் கோணிவிடும், அந்தக் கோபம் உங்கள் மேல்தான் வரும். பேச்சுக்கு வாய்ப்பான நேரம் இரண்டு: தொடக்கத்தில் மண் பிசையும்போது, முடிவில் சக்கரத்தைக் கழுவும்போது. பத்து நிமிடம் முன்னால் வந்தால் முதலாவது கிடைக்கும்.

2. கண்ணெதிரே இருப்பதைக் கேளுங்கள். "எந்த ஊரு, எங்க வேலை?" என்று ஆரம்பித்தால் விசாரணை போல ஆகிவிடும். "அழகா இருக்கே!" என்றாலும் "தேங்க்ஸ்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். செய்முறையைக் கேட்டால் சொல்ல விஷயம் இருக்கும்:

"எனக்குச் சுவர் தூக்கும்போதே சரிஞ்சிடுது. நீங்க தண்ணி எவ்வளவு தொட்டுக்கிறீங்க?"

"ரொம்பக் கம்மியாத்தான். முதல்ல நானும் நிறைய ஊத்தி, மண்ணு குழைஞ்சு போய் நாலஞ்சு வீணாச்சு."

3. பதிலிலிருந்து ஒரு சொல்லைப் பிடியுங்கள். புதுக் கேள்விக்குத் தாவ வேண்டாம். மேலே உள்ள பதிலில் "முதல்ல" என்ற சொல்லே போதும்: "அப்ப நீங்க வந்து ரொம்ப நாளாச்சா?" இப்போது அவர் தன்னைப் பற்றித் தானாகவே பேசுவார். இரண்டு கேள்விக்கு ஒரு முறையாவது உங்களைப் பற்றியும் ஒரு வரி சொல்லுங்கள்.

4. ஊருக்குப் புதிது என்பதைச் சின்ன உதவியாகக் கேளுங்கள். "இங்க எனக்கு யாரையுமே தெரியாது" என்றால் எதிரில் இருப்பவருக்கு என்ன சொல்வதென்று தெரியாது, பாவம். "நான் வந்து மூணு வாரம்தான் ஆச்சு. சாயங்காலம் நடக்கப் போக நல்ல இடம் எது?" என்றால் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்.

பதில் ஒற்றைச் சொல்லில் வந்து, கண் மண்ணிலேயே இருந்தால் அன்றைக்கு அவருக்குப் பேச விருப்பமில்லை என்று பொருள். "சரிங்க, நீங்க பாருங்க" என்று விலகிவிடுங்கள்.

5. அடுத்த வாரத்துக்கு நூல் விட்டு வையுங்கள். வனைந்தது அரைகுறையாகக் காய்ந்த பிறகுதான் அடிப்பாகத்தைச் செதுக்குவார்கள். உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தால் அதற்குள் அடியில் விரிசல் விழுந்திருக்கலாம். அவர் செய்தது கிண்ணமா, குவளையா என்று கிளம்பும் முன் பார்த்து, பேரையும் கேட்டு வையுங்கள். அடுத்த வகுப்பில் நுழைந்ததும் பேரைச் சொல்லி, "உங்க கிண்ணம் விரிசல் விடாம வந்துச்சா?" என்று கேளுங்கள். விரிசல் விட்டிருந்தால் பேச்சு இன்னும் நீளும்.