To பெட்டியைக் கடைசியாக நிரப்புங்கள்

போன மாதம் பொகவந்தலாவையில் இருக்கும் என் சித்தி மகள், புலமைப்பரிசில் விண்ணப்பத்தைப் போனிலிருந்து ஜிமெயிலில் அனுப்பினாள். அடையாள அட்டைப் பிரதியும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் அதில் இணைந்திருந்தன. To பெட்டியில் kum என்று தட்டியதும் மேலே வந்த பெயரைத் தொட்டுவிட்டாள். அது அலுவலகத்துக் குமார் இல்லை, பழைய டியூஷன் சார் குமார்.

ஜிமெயில் நீங்கள் முன்பு எழுதிய முகவரிகளை Other contacts என்ற பட்டியலில் தானாகச் சேர்த்து வைக்கிறது. பரிந்துரைகள் அங்கிருந்தும் வரும். தேர்ந்தெடுத்த பிறகு To பெட்டியில் பெயர் மட்டும் தெரிவதால் தவறு கண்ணில் படாது.

முதல் படி: To பெட்டியை வெறுமையாக விட்டுவிட்டுக் கடிதத்தை எழுதுங்கள். யாருடைய முகவரியும் இல்லாமல் ஜிமெயில் அனுப்பாது. ஆகவே விரல் தவறிப் பட்டாலும் அரைகுறைக் கடிதம் போகாது.

இரண்டாவது, பெயர்களைச் சரிபாருங்கள். இதில்தான் நிறைய நேரம் செலவிட வேண்டும். தங்கச்சி, அம்மாவின் பெயரை Letchumy என்று அடித்தாள், போன் அதை Lakshmi ஆக்கிவிட்டது. இரண்டும் உண்மையான பெயர்கள் என்பதால் சிவப்புக் கோடு விழவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து என்று தோட்டத்துப் பிள்ளைகள் ஏற்கனவே அலைந்து களைத்தவர்கள். போனும் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க விடாதீர்கள். சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர், ஊர், இலக்கம் ஆகியவற்றை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஜிபோர்டு விசைப்பலகையில் சொல் மாறியதைப் பார்த்தால் உடனே அழிக்கும் விசையை ஒருமுறை தட்டுங்கள். நீங்கள் அடித்தது பெரும்பாலும் திரும்பி வரும். அடிக்கடி மாறும் பெயர்களை அதன் Personal dictionary-யில் சேர்த்துவிடுங்கள்.

இப்போது To பெட்டிக்கு வாருங்கள். அறிவித்தலில் உள்ள முகவரியை நகலெடுத்து ஒட்டுவதே பாதுகாப்பு. பரிந்துரையைத்தான் தொட்டீர்கள் என்றால், அந்தப் பெயரை மறுபடி தொட்டு முழு முகவரியைப் பாருங்கள். @ குறிக்குப் பின்னால் இருப்பதைக் கவனமாக வாசியுங்கள். அலுவலக முகவரி வரவேண்டிய இடத்தில் gmail.com நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். Cc வரியிலும் இதேபோல் பாருங்கள்.

அண்ட்ராய்ட் ஜிமெயிலின் பொது அமைப்புகளில் Confirm before sending என்பதை இயக்கினால், அனுப்புமுன் ஒருமுறை கேட்கும். கணினியில் Undo Send நேரம் முதலில் 5 வினாடிதான் இருக்கும், அதை 30 ஆக்கலாம். அதற்குமேல் கடிதத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை.

தங்கச்சிக்கு மறுநாள்தான் தெரிந்தது. சாருக்குப் போன் எடுத்து, இணைப்புகளை அழித்துவிடச் சொன்னோம். பிறகு, பழையதை முன்னனுப்பாமல், அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு கடிதம் எழுதினோம். முன்னனுப்பியிருந்தால் முதலில் யாருக்குப் போனது என்பதும் அதில் தெரிந்திருக்கும். கடைசியாக contacts.google.com பக்கத்தில் Other contacts-ஐத் திறந்து, இனித் தேவையில்லாத பழைய முகவரிகளை அழித்தோம். சாரின் முகவரியை மட்டும் “டியூஷன் குமார் சார்” என்று பெயர் மாற்றிச் சேமித்தாள்.