பயிரைப் பார்க்காமலே இழப்பீடு: மழைக்குறைவுக் காப்பீட்டில் கணக்கு போடுவது எப்படி?

வானிலைக் குறியீட்டுக் காப்பீடு எடுத்த பலர் பயிர் வாடியதும் அதிகாரி எப்போது வந்து பார்ப்பார் என்று காத்திருக்கிறார்கள். இந்தக் காப்பீட்டில் யாரும் வரமாட்டார்கள். நிலத்தைப் பார்த்து இழப்பை மதிப்பிடும் வேலையே இதில் கிடையாது. ஒப்பந்தத்தில் பெயர் குறிப்பிட்ட ஒரு வானிலை நிலையத்தின் மழைமானி எத்தனை மில்லிமீட்டர் காட்டியது என்பதை மட்டும் வைத்துப் பணம் முடிவாகிறது. அதனால் காய்ந்த பயிரை ஆள் வரும்வரை வயலிலேயே விட்டுவைக்க வேண்டியதில்லை. உழுதுவிட்டு மறுவிதைப்பு செய்தாலும் இழப்பீடு குறையாது.

அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

படி 1: பாலிசியில் நான்கு விவரங்களைத் தேடுங்கள்

எந்த நிலையம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த அளவுக்குக் கீழே போனால் பணம் தொடங்கும், எந்த அளவில் முழுப்பணம் கிடைக்கும். மூன்றாவதைத் தொடக்க வரம்பு என்றும் நான்காவதை இறுதி வரம்பு என்றும் வைத்துக்கொள்வோம். பருவம் முழுவதற்கும் ஒரே வரம்பு இருப்பது அரிது. விதைப்பு, பூப்பு, முதிர்ச்சி என்று பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காப்பீட்டுத் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கியிருப்பார்கள்.

படி 2: ஒரு கட்டத்துக்குக் கணக்கு போடுங்கள்

மானாவாரி நிலக்கடலை என்று வைத்துக்கொள்வோம். பூத்து விழுது இறங்கும் 35 நாட்களுக்குத் தொடக்க வரம்பு 90 மி.மீ., இறுதி வரம்பு 20 மி.மீ. இந்தக் கட்டத்துக்கான பங்கு மொத்தக் காப்பீட்டுத் தொகையில் 40 சதவீதம். நிலையத்தில் பதிவான மழை 48 மி.மீ.

```
குறைவு          = 90 - 48 = 42
முழு இடைவெளி   = 90 - 20 = 70
விகிதம்         = 42 / 70 = 60%
இழப்பீடு        = 40% × 60% = 24%
```

காப்பீட்டுத் தொகையில் 24 சதவீதம் வரவேண்டும். 90 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்திருந்தால் ஒன்றும் வராது. 20 மி.மீ. அல்லது அதற்குக் கீழே என்றால் 40 சதவீதமும் வரும். விகிதத்துக்குப் பதிலாகப் படிப்படியான அட்டவணை உள்ள பாலிசிகளும் உண்டு. அப்படியிருந்தால் அந்த அட்டவணைதான் கணக்கு.

படி 3: ஒருநாள் உச்சவரம்பு இருக்கிறதா பாருங்கள்

மேலே சொன்ன 35 நாட்களில் மூன்றே நாள் மழை: 3, 5, 75 மி.மீ. கூட்டினால் 83. குறைவு 7 மட்டுமே, இழப்பீடு 4 சதவீதம். ஆனால் ஒரே நாளில் கொட்டிய 75 மி.மீ.யில் பெரும்பகுதி ஓடிப்போயிருக்கும், வேருக்குச் சேர்ந்திருக்காது. இதற்காகவே சில பாலிசிகள் ஒரு நாளுக்கு இவ்வளவுக்கு மேல் கணக்கில் சேராது என்று வைக்கின்றன. உச்சவரம்பு 40 என்றால் 3 + 5 + 40 = 48. அதே மழைக்கு இழப்பீடு 24 சதவீதம். என்னைக் கேட்டால், பிரீமியம் குறைவா கூடுதலா என்று பார்ப்பதற்கு முன் இந்த ஒரு வரியைப் பார்க்க வேண்டும்.

படி 4: நிலையத்து மழையும் உங்கள் மழையும் ஒன்றா?

மழை ஊரின் ஒரு பக்கம் பெய்து மறுபக்கம் ஏமாற்றுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். நிலையத்தில் நல்ல மழை, உங்கள் வயலில் தூறல்கூட இல்லை என்றால் பயிர் கருகினாலும் பணம் வராது. எதிர்ப்பக்கமும் உண்டு: நிலையம் வறண்டு, உங்கள் வயல் செழித்திருந்தாலும் பணம் வரும். இந்தக் காப்பீட்டின் பெரிய குறை இதுதான். இதை ஏற்பவர் முன்கூட்டியே தெரிந்து ஏற்க வேண்டும்.

அதற்கு வழி, சேர்வதற்கு முன் அந்த நிலையத்தின் பழைய மழைப்பதிவைக் கேட்டு வாங்குவது. உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் மோசமான மூன்று நான்கு ஆண்டுகளை எடுத்து, படி 2-இல் உள்ளபடி கணக்கு போடுங்கள். விளைச்சல் போன ஆண்டுகளில் பெரும்பாலும் பணம் வந்திருக்கும் என்றால் அந்த நிலையம் உங்கள் நிலத்துக்குப் பொருந்துகிறது. வந்திருக்காது என்றால் சேர வேண்டாம், அருகிலுள்ள வேறு நிலையம் உண்டா என்று கேளுங்கள்.

பருவத்தில் நீங்களும் அளந்து வாருங்கள். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள தகரடப்பா போதும். மரம், சுவர் இவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளவுகோலை நிறுத்தி, நீரின் ஆழத்தை மில்லிமீட்டரில் குறித்துவிட்டுக் கொட்டிவிடுங்கள். இந்தக் குறிப்பைக் காட்டி இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் அடுத்த பருவம் அதே நிலையத்தை நம்பலாமா என்பதை இது சொல்லிவிடும்.

படி 5: பணம் வராவிட்டால் எதைக் கேட்பது

பூச்சி, நோய், விலைச்சரிவு என்று சொல்லிப் பயனில்லை, மழைக்குறைவுக்கு மட்டுமே இந்தக் காப்பு. கட்டம் முடிந்ததும் நிலையத்தின் தினசரிப் பதிவைக் கேளுங்கள். அதில் 0 என்று எழுதிய நாளும் வெற்றாக விட்ட நாளும் வேறு வேறு. வெற்று என்றால் கருவி பழுதாகியிருக்கலாம். அந்த நாட்களுக்கு எந்த மாற்று நிலையத்தின் அளவை எடுப்பது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். அதை எடுத்திருக்கிறார்களா என்று எழுத்தில் கேட்டு, வந்த எண்களை வைத்து மறுபடி கணக்கு போட்டுப் பாருங்கள்.