மரக்கறித் தோட்டத்துக்குப் பெயரும் வாசகமும் வைப்பது எப்படி

விசுவமடுவில் என் மச்சாளுக்கும் அவளுடைய மனுசனுக்கும் முக்கால் ஏக்கர் தோட்டம் இருக்கிறது. கத்தரி, வெண்டி, பயிற்றை, பாகல், பூசணி, நாலைந்து வகைக் கீரை என்று கிணற்றுத் தண்ணீரில் செய்கிறார்கள். உரமும் மருந்தும் கடையில் வாங்குவதில்லை. வாரத்துக்கு ஒருமுறை முப்பது வீட்டுக்கு மரக்கறிப் பெட்டி கொடுக்கத் திட்டம். காசு மாதத் தொடக்கத்திலேயே வந்துவிடும். எல்லாம் சரி, பெயர்தான் இல்லை. "நீ எழுதுகிற ஆள்தானே, ஒரு பெயர் சொல்லு" என்றாள். ஒரு பெயர் சொல்ல மூன்று வாரம் எடுத்தது. அந்த மூன்று வாரத்தையும் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். உங்கள் தோட்டம் மல்லாவியிலோ நெடுங்கேணியிலோ இருந்தாலும் இதே வழியில் போகலாம்.

படி 1: பெயரைத் தேடாதீர்கள், சொற்களைச் சேருங்கள்

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் தோட்டத்தில் கண்ணில் படுகிற சொற்கள், வலப்பக்கம் பெட்டி போய்ச் சேருகிற வீட்டில் இருக்கிற சொற்கள். முதல் நாள் எங்கள் இடப்பக்கம் நிறைந்துவிட்டது: உழவு, பாத்தி, பாலை, பந்தல், வரம்பு, வாய்க்கால், கிணற்றடி. வலப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. தோட்டக்காரர் எல்லாரும் தோட்டத்தைத்தான் நினைப்பார்கள். ஆனால் பணம் கொடுக்கிற ஆள் தன் குசினியை நினைக்கிறார். மச்சாளை ஒரு வாடிக்கைக்காரியாக நினைத்துக்கொண்டு மறுபடி எழுதச் சொன்னேன். கடகம், சுளகு, அடுப்படி, முற்றம், படலை என்று வந்தன.

இந்த இடத்தில் "வன்னி இயற்கை விவசாயப் பண்ணை" என்பதுபோல ஒன்று எல்லாருக்கும் தோன்றும். மச்சாளின் மனுசனுக்கும் தோன்றியது. அது பெயரே இல்லை, விவரம். இன்னொருவர் "வன்னி இயற்கைத் தோட்டம்" என்று தொடங்கினால் வாடிக்கைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். அதை வீசாமல் ஓரமாக வையுங்கள், பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் போட உதவும்.

படி 2: ஒவ்வொரு சொல்லும் வேறு எதை நினைவுபடுத்துகிறது என்று பாருங்கள்

அதிக நேரம் எடுத்த படி இதுதான். "பாலை" எனக்குப் பிடித்திருந்தது. வன்னிக் காட்டின் மரம், பாலைப்பழம் தின்னாத பிள்ளை இங்கே இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்த பாலை என்றால் வறண்ட நிலம். வறண்ட நிலத்தின் பெயரில் யாராவது கீரை விற்பார்களா? சிங்களத்தில் இந்த மரத்துக்குப் "பலு" என்று பெயர். அதற்குக் கிட்டவாக ஒலிக்கிற "பாளு" என்றால் ஆளில்லாமல் கிடக்கிற இடம். வவுனியா நகரத்துக்குக் கொடுக்க நினைப்பவர்கள் சிங்களம் பேசுகிற ஒருவரிடம் பெயரைச் சொல்லிக் காட்டாமல் முடிவெடுக்க வேண்டாம்.

"வரம்பு" நல்ல சொல். ஔவையாரும் துணைக்கு வருவார். ஆனால் கேட்ட மூன்று பேரும் "அரிசியா விற்கப் போறீங்கள்?" என்று கேட்டார்கள். வரம்பு என்றால் வயல்தான். "கடகம்" அழகான சொல். இணையத்தில் தேடினால் இராசிபலன்தான் வரிசையாக வரும். "வாய்க்கால்" என்பதை நாங்கள் வாதாடாமலே வெட்டினோம். 2009க்குப் பிறகு இந்தப் பக்கத்தில் அந்தச் சொல் தண்ணீரை மட்டும் குறிப்பதில்லை.

மரத்தோடு "அடி" சேர்த்தால் ஊர்ப்பெயர்போல வரும், ஆனால் கோயில் வாசமும் கூட வரும். மருதடி என்றால் பலருக்கு மானிப்பாய்ப் பிள்ளையார்தான். நாவலடி மட்டக்களப்பில் இருக்கிற ஊர்.

"இயற்கை"யா "சேதனம்"மா என்ற கேள்வியும் இங்கேதான் வரும். அரசாங்கத் தாள்களில் "சேதன" என்றுதான் இருக்கும். ஆனால் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, விளைச்சல் விழுந்து, நவம்பரில் தடையை எடுத்தபோது அந்தச் சொல்லும் அடிபட்டுவிட்டது. கமக்காரர் காதில் சேதனம் என்றால் அந்த வருடம்தான். "இயற்கை" கொஞ்சம் தேய்ந்த சொல் என்றாலும் யாரையும் குத்தாது.

படி 3: ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள்

உங்கள் பெயரை வாட்ஸப்பிலும் பேஸ்புக்கிலும் பலர் ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள். ஆகவே பெயரை வாயால் மட்டும் சொல்லி, ஐந்து பேரிடம் ஆங்கில எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். நாலு பேராவது ஒரேமாதிரி எழுதினால் பெயர் தேறும்.

"உழவு" விழுந்தது இங்கேதான். நாங்கள் ழகரத்துக்கு l போடுகிறவர்கள், தமிழ்நாட்டில் zh போடுவார்கள். Ulavu என்று எழுதியதை ஒரு பெடியன் "உளவு" என்று வாசித்தான். மரக்கறி விற்கிற உளவாளிகள்! "பாத்தி" இன்னும் மோசம். Pathi என்று எழுதினால் பாதி, பதி, பத்தி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. காசு முழுசாக வாங்கிக்கொண்டு பாதிப் பெட்டி கொடுப்பதுபோல இருக்கும். இரட்டை டகரம் வந்தாலும் கவனம்: ஒட்டுசுட்டானை நாங்கள் Oddusuddan என்று எழுதுகிறோம், வேறு இடத்தார் tt போடுவார்கள். "தோட்டம்" என்ற சொல்லே இரண்டாக உடையும்.

"படலை"யை ஐந்து பேரும் Padalai என்றே எழுதினார்கள். மூன்று எழுத்து, சிக்கலான ஒலி இல்லை. அப்புறம் ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, மோட்டார் சைக்கிள் ஓடுகிற தெருவோரத்தில் நின்று பெயரைச் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சொல்லின் பொருளும் வேலை செய்தது. வேலியில் இருக்கிற படலை எங்கள் பக்கத்துச் சொல். கூப்பிட்ட குரலுக்கு ஆள் வந்து நிற்கிற இடம் அது. சந்தைக்குப் போகாமல் மரக்கறி வந்து சேருவதும் அங்கேதான். பெயரிலேயே வியாபாரத்தின் பாதி வந்துவிட்டது.

படி 4: பெயர் சொல்லாததை வாசகத்தில் சொல்லுங்கள்

"படலை" என்ற பெயர் எங்கே வரும் என்று சொல்கிறது. என்ன வரும், அதில் என்ன விசேஷம் என்பதைச் சொல்லவில்லை. வாசகம் அந்த மீதியைச் சொல்ல வேண்டும். பெயர் சொன்னதையே திருப்பிச் சொன்னால் இடம் வீண்.

முதலில் எழுதியது "நஞ்சில்லா உணவு" என்று. இதில் இரண்டு தொல்லை. பக்கத்துக் காணிக்காரர் விற்பது நஞ்சு என்று சொன்னமாதிரி ஆகும். அவருடைய கிணற்றில்தான் மச்சாள் பங்குனி தாண்டினால் தண்ணீர் கேட்கிறாள். இரண்டாவது, "நிரூபி" என்று ஒருவர் கேட்டால் கையில் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாமல் "சான்று பெற்ற" என்ற சொல்லை எங்கேயும் போடக்கூடாது.

அடுத்தது "மருந்தடிக்காத மரக்கறி". மோனை நன்றாக இருந்தது. ஆனால் வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளிகருவியை முதுகில் கொழுவிக்கொண்டுதான் அடிக்கிறார்கள். தெருவால் போகிற ஒருவர் அதைக் கண்டால் "மருந்து அடிக்கினம்" என்றுதான் சொல்வார்.

"எல்லா மரக்கறியும் எப்போதும்" என்பதும் நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தக்காளி அழுகும். ஆவணியில் கிணறு இறங்கும். வாசகம் என்பது வருடத்தின் மிக மோசமான கிழமையிலும் உண்மையாக இருக்க வேண்டிய ஒரு வரி.

அப்படியானால் அவர்கள் கையில் உறுதியாக இருப்பது என்ன? வியாழன் விடிய ஆய்கிறார்கள். மதியத்துக்குள் தெரிந்தெடுத்து, பெட்டியில் அடுக்கி, பரந்தன் வீதியால் போய்ப் பின்னேரம் கிளிநொச்சியில் கொடுக்கிறார்கள். இதைச் சந்தைக் கடை சொல்ல முடியாது. அதையே வரியாக்கினோம்:

படலை
காலை ஆய்ந்தது, மாலை உங்கள் படலையில்.

காலை, மாலை, படலை என்று மூன்றும் தாமாகவே ஒன்றோடொன்று ஒலித்தன. பெயர் வாசகத்துக்குள்ளேயே வருவதால் ஒன்றைச் சொன்னால் மற்றது நினைவுக்கு வரும். வாயால் சொல்லிப் பாருங்கள். மூச்சு வாங்காமல் முடிந்தால் நீளம் சரி.

மச்சாள் ஒரு ஓட்டை கண்டுபிடித்தாள். பூசணிக்காய் ஆய்ந்து மூன்று கிழமை கிடந்ததாகவும் இருக்குமே? உண்மைதான். பூசணி வைக்கிற வாரத்தில் பெட்டிச் சீட்டில் "பூசணி: சேமிப்பிலிருந்து" என்று எழுதுவதாக முடிவானது. வீதிக்கு மேலால் வெள்ளம் ஓடுகிற நாளில் அன்று ஆய்வதே இல்லை, அடுத்த நாள்தான். வாசகத்தைக் காப்பாற்ற வேலை முறையை மாற்றலாம். மாற்ற முடியாவிட்டால் வாசகத்தை மாற்றுங்கள்.

கடைசியாகச் சிறிய எழுத்தில் ஒரு விவர வரி: "விசுவமடு இயற்கைத் தோட்ட மரக்கறி, வாரப் பெட்டி". ஓரமாக வைத்த விவரம் இங்கே உதவிற்று. "சந்தா" என்ற சொல்லைத் தவிர்த்தோம். ஊரில் சந்தா என்றால் மரண உதவிச் சங்கத்துக்கும் மாதர் சங்கத்துக்கும் கட்டுகிற காசு. கொடுப்பதுதான் நினைவுக்கு வரும், வாங்குவது அல்ல.

படி 5: பெயர் யாரிடமாவது இருக்கிறதா?

தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தேடுங்கள். வேறு வேலைக்கு யாராவது வைத்திருந்தால் பெரிய பிரச்சினை இல்லை, மரக்கறிக்கோ சாப்பாட்டுக்கோ இருந்தால் விடுங்கள். பிறகு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியலாம். அந்தப் பதிவு பெயரை உங்கள் சொத்தாக்காது. அதற்கு வியாபாரக் குறி வேண்டும்; அது கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் வேலை, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின்படி பத்து வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். முப்பது பெட்டிக்கு அது இப்போதைக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

படி 6: ஒரு மாதம் அச்சடிக்காதீர்கள்

முதல் நாலு வாரமும் இறப்பர் முத்திரையை மட்டும் செய்து பெட்டியில் குத்தினோம். நாலாவது வியாழன் பெட்டி கொடுக்கும்போது, தன்னுடைய நம்பரைத் தொலைபேசியில் எப்படிப் பதிந்திருக்கிறார்கள் என்று மச்சாள் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டே போனாள். "மரக்கறி அக்கா" என்று பலர் பதிந்திருந்தால் பெயர் இன்னும் ஒட்டவில்லை, பெட்டியில் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. பாதிக்கு மேலே "படலை" என்றே இருந்தது. ஒரு வயதான ஐயா மட்டும் "வியாழக்கிழமை" என்று பதிந்திருந்தார்.